மையத்திலிருந்து எவ்வளவு தூரம்?

அறைக் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு என்ன வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்? வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்விக்கு 1860-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் விடை கண்டார். மூலக்கூறின் வேகத்தைக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, மேல்-கீழ் என்று மூன்று திசைக் கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறும் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது. ஒவ்வொன்றின் சராசரி பூஜ்யம். நைட்ரஜனுக்கு இந்த வெப்பநிலையில் ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் விநாடிக்குச் சுமார் 298 மீட்டர்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைகோடு பூஜ்யத்தில்தான் மிக உயரமாக நிற்கிறது. ஆகவே கிழக்கு-மேற்குக் கூறுக்கு மிகவும் வாய்ப்புள்ள மதிப்பு பூஜ்யம். மற்ற இரண்டு கூறுகளுக்கும் அப்படியே. அப்படியானால் அசையாமல் நிற்கும் மூலக்கூறுகள்தான் காற்றில் மிகுதியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. எந்த ஒரு திசைக் கூறை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், அது விநாடிக்கு 100 மீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகள் நூற்றுக்கு 26. ஆனால் முழு வேகமும் 100 மீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகள் நூற்றுக்கு ஒன்றுதான். மிகுதியாகக் காணப்படும் வேகம் விநாடிக்கு 422 மீட்டரை ஒட்டியிருக்கிறது.

மூன்று கூறுகளும் தனித்தனியே பூஜ்யத்தை நாடுகின்றன. சேர்ந்தவுடன் பூஜ்யத்தை விட்டு விலகி நிற்கின்றன. இது ஏன் என்று புரிந்துவிட்டால், புள்ளியியல் மாணவர்கள் பின்னிணைப்பு அட்டவணையில் மட்டுமே பார்த்துப் பழகிய கை-வர்க்கப் பரவல் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிந்துவிடும். இரண்டும் ஒரே கணக்கு. ஒவ்வொரு கூறையும் 298-ஆல் வகுத்தால் சராசரி 0, திட்ட விலக்கம் 1 கொண்ட திட்ட இயல்நிலை மாறி கிடைக்கும். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வேகத்தின் வர்க்கம் கிடைக்கும், அளவு மட்டும் மாறியிருக்கும். அந்தக் கூட்டுத்தொகையின் பரவல்தான் கை-வர்க்கப் பரவல்.

முதலில் ஒரே ஒரு மாறியை எடுத்துக்கொள்வோம். x ஒரு திட்ட இயல்நிலை மாறி. அதன் வர்க்கம் s. s என்பது 0-க்கும் 0.01-க்கும் இடையில் விழ வேண்டுமானால் x எங்கே இருக்க வேண்டும்? −0.1 முதல் +0.1 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்கான நிகழ்தகவு கிட்டத்தட்ட 0.08. அதே 0.01 அகலத்தை 1-க்கும் 1.01-க்கும் இடையில் வைத்துப் பாருங்கள். x இப்போது 1-இலிருந்து 1.005 வரை, அல்லது எதிர்ப்பக்கத்தில் அதே அளவு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தாலும் நிகழ்தகவு சுமார் 0.0024-தான். முந்தையதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மணி வளைகோட்டின் உயரம் இந்த இரண்டு இடங்களிலும் அவ்வளவு வேறுபடுவதில்லை, 0.40, 0.24 என்ற அளவில்தான் இருக்கிறது. வேறுபாட்டின் பெரும்பகுதி வர்க்கப்படுத்துவதால் வருகிறது. பூஜ்யத்தை ஒட்டிய நீண்ட துண்டை வர்க்கம் ஒரு சிறு இடத்துக்குள் நெருக்கிவிடுகிறது. அதனால் ஒற்றை மாறியின் வர்க்கத்துக்குரிய அடர்த்தி வளைகோடு பூஜ்யத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் உயர்கிறது.

இரண்டு மாறிகளுக்கு வரும்போதுதான் கணக்கின் அழகு வெளிப்படுகிறது. x, y இரண்டும் ஒன்றையொன்று சாராத திட்ட இயல்நிலை மாறிகள். சார்பற்றவை என்பதால் இரண்டின் அடர்த்தியையும் பெருக்கிவிடலாம்:

(1/√(2π)) e^(−x²/2) × (1/√(2π)) e^(−y²/2) = (1/2π) e^(−(x²+y²)/2)

பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. அடுக்கில் இருப்பவையோ வர்க்கங்கள். எனவே x² + y² என்ற கூட்டுத்தொகை நாம் கேட்காமலேயே அடுக்கில் வந்து அமர்ந்துகொள்கிறது. பிதாகரஸ் தேற்றப்படி அது மையத்திலிருந்து (x, y) என்ற புள்ளிக்கு உள்ள தூரத்தின் வர்க்கம். ஆக, ஒரு புள்ளியில் அடர்த்தி எவ்வளவு என்று சொல்ல அந்தப் புள்ளியின் திசை தேவையில்லை. தூரம் தெரிந்தால் போதும்.

இது எல்லாப் பரவலுக்கும் கிடைக்கும் சலுகை அன்று. இயல்நிலைக்குப் பதிலாக e^(−|x|) என்ற விதத்தில் குறையும் பரவலை எடுத்துப் பாருங்கள். (2, 0) என்ற புள்ளியும் (√2, √2) என்ற புள்ளியும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில், 2 அலகில் இருக்கின்றன. முதல் புள்ளியில் பெருக்குத்தொகை e^(−2), அதாவது 0.135. இரண்டாவதில் e^(−2.83), அதாவது 0.059. தூரம் ஒன்று, அடர்த்தி வேறு. இந்தப் பரவலின் சம அடர்த்திக் கோடுகள் வட்டமாக இருப்பதில்லை, சாய்ந்து நிற்கும் சதுரமாக இருக்கின்றன. இயல்நிலைப் பரவலில் இரண்டு புள்ளிகளுக்கும் e^(−2) என்ற ஒரே காரணி வரும். கூறுகள் சார்பற்றிருக்க வேண்டும், எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் அடர்த்திச் சார்பு இயல்நிலைப் பரவல் ஒன்றுதான். மேக்ஸ்வெல் 1860-இல் இந்த வாதத்தை வைத்தே தம் விடையை அடைந்தார்.

இப்போது s = x² + y² எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். s ஒரு குறிப்பிட்ட மதிப்பை ஒட்டி இருப்பதென்றால், புள்ளி ஒரு மெல்லிய வட்ட வளையத்துக்குள் விழுவது என்று பொருள். வளையம் முழுவதும் அடர்த்தி ஒன்றேதான். ஆகவே நிகழ்தகவு என்பது அடர்த்தியை வளையத்தின் பரப்பால் பெருக்கியது. வட்டத்தின் பரப்பு πr², அதாவது π × s. s-ஐ 1 கூட்டினால் பரப்பு π அளவு கூடுகிறது, அது உள்வட்டத்தில் நடந்தாலும் வெளிவட்டத்தில் நடந்தாலும் சரி. வெளி வளையம் சுற்றளவில் பெரியது. ஆனால் தூரத்தில் அல்லாமல் தூரத்தின் வர்க்கத்தில் சம இடைவெளி விட்டு வட்டங்களை வரைவதால் அது அகலத்தில் மெலிந்துவிடுகிறது. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. எனவே s-இன் அடர்த்தி, (1/2π) e^(−s/2) என்பதை π-ஆல் பெருக்கியது:

(1/2) e^(−s/2)

மணி வடிவம் போய்விட்டது. π-யும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு எளிய அடுக்குக்குறிப் பரவல். இதற்கு அட்டவணையே தேவையில்லை. s ஒரு மதிப்பைத் தாண்டுவதற்கான நிகழ்தகவு e^(−s/2). அது 0.05 ஆக வேண்டுமானால் s = 5.99. புள்ளியியல் நூல்களின் பின்னிணைப்பில், இரண்டு என்று குறித்த வரிசையில், 5 சதவீதத்துக்கு நேரே அச்சாகியிருக்கும் எண் அதுவே.

இதே வாய்ப்பாடு இன்னொன்றையும் காட்டுகிறது. ஒற்றை மாறி மையத்திலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருக்க 68.3 சதவீத வாய்ப்பு உண்டு என்பது பலருக்கு மனப்பாடம். தளத்தில் ஒரு அலகு ஆரமுள்ள வட்டத்துக்குள் விழும் வாய்ப்பு 1 − e^(−1/2), அதாவது 39.3 சதவீதம்தான். வரைபடத்தில் ஒரு இடத்தைக் குறித்து அதைச் சுற்றி ஒரு திட்ட விலக்க ஆரத்தில் வட்டம் போட்டுவிட்டு, உண்மையான இடம் 68 சதவீதம் அதற்குள் இருக்கும் என்று சொல்வது அடிக்கடி நிகழும் தவறு. உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மூன்று மாறிகளுக்கு வட்டத்தின் இடத்தில் கோளம் வருகிறது, வளையத்தின் இடத்தில் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய ஓடு வருகிறது. அடர்த்தி முன்போலவே e^(−s/2). கோளத்தின் கன அளவு r³-ஐப் பொறுத்தது. r என்பது s-இன் வர்க்கமூலம் ஆதலால் கன அளவு s^(3/2) என்ற விதத்தில் வளர்கிறது. s சற்றே கூடும்போது சேரும் ஓட்டின் அளவு s^(1/2) என்ற விதத்தில் அமைகிறது. இங்கே ஈடுகட்டுதல் முழுமையாக நடக்கவில்லை. s-இல் சம இடைவெளி விட்டாலும் வெளி ஓடுகளில்தான் இடம் அதிகம். மையத்தில் அடர்த்தி உச்சம், ஆனால் அங்கே இருக்க இடமே இல்லை. வெளியே இடம் தாராளம், ஆனால் அடர்த்தி வேகமாகச் சரிகிறது. இந்த இரண்டின் பெருக்குத்தொகைதான் எத்தனை மூலக்கூறுகள் எங்கே இருக்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. மூலக்கூறுப் புதிர் இங்கே அவிழ்கிறது. அசையாத மூலக்கூறு ஒன்றாக இருக்க மூன்று கூறுகளும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். அதற்குரிய இடம் மிகச் சிறியது.

உச்சம் எங்கே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகத்தின் அடர்த்தி 298 × √2, அதாவது 422-இல் உச்சம் அடைகிறது. வேகத்தின் வர்க்கத்துக்குரிய அடர்த்தியோ s = 1-இல், அதாவது 298-க்கு நேராக உச்சம் அடைகிறது. இதில் முரண்பாடு இல்லை. அளவுகோலை மாற்றும்போது சம துண்டுகளின் அகலமும் மாறுவதால் உச்சம் நகர்கிறது. சராசரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. திட்ட இயல்நிலை மாறியின் வர்க்கத்தின் சராசரி 1. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் சராசரி 3. வாயு மூலக்கூறின் சராசரி நகர்வு ஆற்றல் (3/2)kT என்று இயற்பியல் வகுப்பில் எழுதுகிறோமே, அந்த 3 இதுதான்.

k மாறிகள் என்றால் வாதத்தில் எதுவும் மாறாது. k பரிமாணக் கோளத்தின் கன அளவு r^k-ஐப் பொறுத்தது. ஓட்டின் அளவு s^(k/2 − 1). எனவே s-இன் அடர்த்தி:

s^(k/2 − 1) e^(−s/2) × மாறிலி

மொத்த நிகழ்தகவு 1 ஆக வேண்டும் என்பதால் மாறிலி தானே நிர்ணயமாகிறது. அது 1/(2^(k/2) Γ(k/2)). காமா சார்பைக் கண்டு மிரள வேண்டியதில்லை, அது வெறும் அளவுச் சரிக்கட்டல். வாய்ப்பாட்டின் உயிர் மற்ற இரண்டு பகுதிகளில் இருக்கிறது. e^(−s/2) இயல்நிலைப் பரவல் தந்தது. s^(k/2 − 1) வெறும் வடிவியல் தந்தது. k = 1 என்று போட்டால் s^(−1/2) வருகிறது; ஒற்றை மாறியின் வளைகோடு பூஜ்யத்தில் எகிறியதற்கு அதுவே காரணம். k = 2 என்று போட்டால் அந்தப் பகுதி மறைந்து அடுக்குக்குறிப் பரவல் மட்டும் நிற்கிறது. பத்துப் பரிமாணத்தில் ஒரு அலகு ஆரத்துக்குள் விழும் வாய்ப்பு 0.017 சதவீதம், கிட்டத்தட்ட ஆறாயிரத்தில் ஒன்று.

இந்த வாதம் சார்பின்மையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். x, y இரண்டும் திட்ட இயல்நிலை மாறிகள்தான், ஆனால் அவற்றுக்கிடையே ρ அளவு ஒட்டுறவு இருக்கிறது என்று கொள்வோம். அப்போது சம அடர்த்திக் கோடுகள் நீள்வட்டமாகிவிடும். தூரத்துக்கு ஒரே அடர்த்தி என்ற அடித்தளம் சரிந்துவிடும். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் சராசரி அப்போதும் 2-தான். சராசரியை மட்டும் பார்ப்பவருக்குத் தவறு தெரியவே தெரியாது. பரவற்படியில்தான் அது வெளிப்படும். k சார்பற்ற மாறிகளுக்குப் பரவற்படி 2k. எனவே இரண்டுக்கு 4 வர வேண்டும். ஒட்டுறவு இருந்தால் 4 + 4ρ² வரும். ஒட்டுறவு முழுமையானால், அதாவது y என்பது x-இன் நகலாகவே இருந்தால், அது 8. அப்போது 5.99-ஐத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதம் அன்று, 8.3 சதவீதம். தரவில் சராசரியும் பரவற்படியும் 1-க்கு 2 என்ற விகிதத்தில் இல்லாமல் பரவற்படி வீங்கியிருந்தால், முதலில் சார்பின்மையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் மாறிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தும் கை-வர்க்கப் பரவல் குறையில்லாமல் வரும் ஒரு நிலை உண்டு. நடைமுறையில் நாம் சந்திப்பது பெரும்பாலும் அந்த நிலையைத்தான். x₁, x₂ என்ற இரண்டு அளவீடுகள் ஒன்றையொன்று சாராத திட்ட இயல்நிலை மாறிகள் என்று கொள்வோம். அவற்றின் சராசரியைக் கண்டு, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். பார்வைக்கு இரண்டு வர்க்கங்கள். ஆனால் ஒரு விலகல் +d என்றால் மற்றது −d என்றுதான் இருக்க முடியும். கணக்குப் போட்டால் கூட்டுத்தொகை (x₁ − x₂)²/2 என்று சுருங்குகிறது. அதாவது (x₁ − x₂)/√2 என்ற ஒற்றை எண்ணின் வர்க்கம். அந்த எண்ணின் பரவற்படி 1, எனவே அது ஒரு திட்ட இயல்நிலை மாறி. தளத்தின் அச்சுகளை 45 டிகிரி சுழற்றினால் ஒரு அச்சு சராசரியின் திசையிலும், மற்றது வேறுபாட்டின் திசையிலும் அமையும். பரவல் வட்டச் சமச்சீர் கொண்டதாதலால் சுழற்றிய பின்னும் இரண்டு கூறுகளும் சார்பற்ற திட்ட இயல்நிலை மாறிகளாகவே இருக்கும். சராசரியைக் கழித்தபோது ஒரு அச்சு முழுவதும் போய்விட்டது, மிஞ்சியது ஒன்று. n அளவீடுகளுக்கு இதே சுழற்சியைச் செய்தால் n − 1 மிஞ்சும். ஜெர்மானிய நில அளவையியலாளர் ஃபிரீட்ரிக் ராபர்ட் ஹெல்மெர்ட் 1876-இல் இதை நிறுவினார். இப்படி மிஞ்சும் சார்பற்ற அச்சுகளின் எண்ணிக்கையைத்தான் புள்ளியியலில் சுதந்திரக் கூறுகளின் எண்ணிக்கை என்கிறோம்.

இதை ஒரு உண்மையான தரவில் பார்க்கலாம். ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை உருட்டி, 5 அல்லது 6 எத்தனை விழுகிறது என்று பதிவு செய்தார். கை-வர்க்கச் சோதனையை அறிமுகப்படுத்திய 1900-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கார்ல் பியர்சன் இந்தத் தரவை ஆராய்ந்தார். மொத்தம் 3,15,672 பகடை வீச்சுகள். பகடை நேர்மையானதென்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 தடவை 5 அல்லது 6 வர வேண்டும். வந்தது 1,06,602. மிகுதி 1,378. மற்ற முகங்கள் 2,10,448 தடவை வர வேண்டியதில் அதே 1,378 குறைந்தது.

பியர்சனின் விதிப்படி ஒவ்வொரு வகைக்கும் விலகலின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்துக் கூட்ட வேண்டும். 1,378²-ஐ 1,05,224-ஆல் வகுத்தால் 18.05. அதையே 2,10,448-ஆல் வகுத்தால் 9.02. கூட்டினால் 27.07. இப்போது வேறு வழியில் போவோம். 5 அல்லது 6 விழுந்த எண்ணிக்கை மட்டும் போதும். அதன் திட்ட விலக்கம் 3,15,672 × 1/3 × 2/3 என்பதன் வர்க்கமூலம், அது 264.86. 1,378-ஐ இதால் வகுத்தால் 5.203. வீச்சுகள் இவ்வளவு மிகுதியாக இருக்கும்போது இந்த எண்ணைத் திட்ட இயல்நிலை மாறியாகக் கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்துங்கள்: 27.07. இரண்டு உறுப்புகளாகத் தெரிந்தது உண்மையில் ஒரே வர்க்கம்தான். விலகல்கள் இரண்டும் ஒன்றின் மறுபக்கம் இன்னொன்று என்பதால் சுதந்திரக் கூறு ஒன்றே ஒன்று.

27.07 என்பதை ஒரு சுதந்திரக் கூறுக்குரிய வரிசையில் வைத்துப் பார்த்தால், நேர்மையான பகடைகளில் இவ்வளவு விலகல் வர ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு. தவறுதலாக இரண்டுக்குரிய வரிசையில் பார்த்தால் ஏழரை லட்சத்தில் ஒன்று. வெல்டனின் பகடைகள் சமமானவை அல்ல என்ற தீர்ப்பு இரண்டிலும் மாறாது. ஆனால் விடை 4.5 என்று வந்திருந்தால்? ஒரு சுதந்திரக் கூறுக்கு நிகழ்தகவு 0.034, 5 சதவீத அளவுகோலில் பகடை குற்றவாளி. இரண்டுக்கு 0.105, அதே பகடை நிரபராதி. பியர்சனே பல ஆண்டுகள் சில வகை அட்டவணைகளுக்கு இந்த எண்ணிக்கையைக் கூட்டியே எண்ணிவந்தார், 1922-இல் ஆர். ஏ. ஃபிஷர்தான் அதைத் திருத்தினார். எனவே கை-வர்க்க அட்டவணையைத் திறக்கும் முன், கூட்டிய உறுப்புகளை எண்ணாதீர்கள். அவற்றுள் ஒன்றையொன்று சாராத வர்க்கங்கள் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணுங்கள்.